கணக்கில் வீக் என்று சொன்ன கடிதம்: ஒரு டியூஷன் அறிக்கையை இரண்டு முறை தமிழாக்கிய அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் டீச்சர் ஒருவர் தன் வீட்டிலேயே மாலை நேர டியூஷன் எடுக்கிறார். ஏற்காட்டில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஓய்வுபெற்றதும் மலையிறங்கி வந்தவர். தாய்மொழி மலையாளம். தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் டைப் செய்து பெற்றோருக்குக் கொடுப்பார். ஆங்கிலம் படிக்காத பெற்றோருக்காக அந்தப் பக்கத்தை நான் தமிழில் எழுதித் தருகிறேன். என் அன்றாட வேலை சொத்துப் பத்திரமும் சான்றிதழும் மொழிபெயர்ப்பதுதான். டீச்சரின் அறிக்கைகளையும் முதலில் அந்தக் கையாலேயே எழுதினேன். இந்த நிகழ்வில் நடந்த தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

இந்த அறிக்கை யாரைப் பற்றியதோ அந்தப் பெண் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அப்பாவுக்குச் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடி கொலுசுக்கு மணி கோர்க்கிறார். இருவருக்கும் தமிழ் படிக்க வரும், ஆனால் நீளமான எழுத்தென்றால் அப்பா பொறுமையாக உட்கார மாட்டார். கூடவே தாத்தா இருக்கிறார், அவரும் அந்தக் காலத்துக் கொலுசு வேலைக்காரர். டீச்சரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

நான் முதலில் கொடுத்த தமிழ் இது:

"தங்கள் மகள் ஒழுக்கமும் கடின உழைப்பும் கொண்ட மாணவி. கணிதத்தில் அடிப்படைக் கணக்கீடுகளில் அவளது செயல்பாடு திருப்திகரமாக உள்ளது. ஆனால் பின்னங்களிலும் வாக்கியக் கணக்குகளிலும் மிகவும் சிரமப்படுகிறாள். பின்னங்கள் குறித்த கருத்துப் புரிதல் இல்லை. கவனக்குறைவான பிழைகள் காணப்படுகின்றன. ஆங்கில வாசிப்பு, வகுப்பிற்கு எதிர்பார்க்கப்படும் நிலைக்குக் கீழே உள்ளது. இது குறித்து எனக்குச் சற்றே கவலை உள்ளது. கண் பரிசோதனை செய்வது குறித்தும், தேவைப்பட்டால் நிபுணர் ஒருவரிடம் வாசிப்பு மதிப்பீடு செய்வது குறித்தும் தாங்கள் பரிசீலிக்கலாம். வீட்டில் தொடர்ச்சியான ஆதரவு கிடைத்தால் சிறப்பாகச் செயல்படும் ஆற்றல் அவளிடம் உள்ளது."

டீச்சர் எழுதியதில் ஒரு வரிகூட இதில் விடுபடவில்லை. கோர்ட்டில் கொடுத்தால் சரியான மொழிபெயர்ப்பு என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். பெண் வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஸ்டேட்மென்ட் சம், அதாவது வாக்கியக் கணக்கு என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள் என்றார். அவளுடைய அப்பா வந்து, கணக்குக்கு மட்டும் வேறு இடத்தில் இன்னொரு டியூஷன் வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "நான் எழுதினதிலே அப்படி எங்கேயும் இல்லையே" என்று டீச்சர் திகைத்தார். எனக்கும் அதே திகைப்புதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

அம்மா என்ன படித்தார்

நான் கடிதத்தை எடுத்து விளக்கவில்லை. "இதைப் படிச்சுட்டு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டேன். புரிந்ததா என்று கேட்டால் யாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எந்தச் சொல் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

அம்மா சொன்னது இது: "நல்ல புள்ளைதானுங்க. கூட்டல் கழித்தல் எல்லாம் நல்லா போடுறாளாம். பின்னக் கணக்குல ஒண்ணுமே புரியலையாம். கவனம் இல்லாம விளையாட்டுப் புத்தியில தப்பு பண்றாளாம். டீச்சருக்குக் கவலையா இருக்காம். நாங்க வீட்டுல சரியா பாத்துக்கறதில்லைன்னு சொல்லியிருக்காங்க."

கண் பரிசோதனை பற்றிக் கேட்டேன். "பண்றதுன்னா பண்ணலாம்னு போட்டிருந்துச்சு. அவளுக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு" என்றார். ஆங்கில வாசிப்பைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு, "அது வரும்ங்க, இங்கிலீஷ்தானே" என்றார்.

ஆக, டீச்சர் எதை நினைத்துக் கவலைப்பட்டாரோ அது அம்மா மனதில் ஒட்டவே இல்லை. போகிற போக்கில் எழுதிய ஒரு சொல் வீட்டில் வழக்காகிவிட்டது. 'கவனக்குறைவு' என்பதைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு வாரம் டிவியை அணைத்து வைத்திருக்கிறார், பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லியிருக்கிறார். வாய்ப்பாடு அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கிளம்பும்போது அம்மா சாதாரணமாக ஒன்று சொன்னார். "லெட்டரை நாங்க எங்கீங்க படிச்சோம், பாப்பாதான் அவங்க தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமா படிச்சுக் காட்டுனா." தன்னைப் பற்றி 'புரிதல் இல்லை', 'கவனக்குறைவு', 'நிலைக்குக் கீழே' என்றெல்லாம் வந்த வரிகளைப் பத்து பதினோரு வயதுப் பெண் தன் வீட்டு நடுவில் நின்று உரக்கப் படித்திருக்கிறாள். அம்மா அடுத்துச் சொன்னது வேறு விதத்தில் முக்கியமாக இருந்தது. "தடங்கல் இல்லாம கடகடன்னு படிச்சாளுங்க. தமிழ் பேப்பர் கூட தாத்தாவுக்குத் தினமும் அவதான் படிப்பா."

டீச்சருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் அந்தப் பெண் தமிழில் எப்படிப் படிக்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை.

சொல்லுக்குச் சொல் சரி, ஆளுக்கு ஆள் தப்பு

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எங்கே வழுக்கியது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீச்சர் 'சாட்டிஸ்ஃபேக்டரி' என்று எழுதியிருந்தார். பள்ளி அறிக்கைகளின் ஆங்கிலத்தில் இது பாராட்டு அல்ல. 'பாஸ் ஆகிவிடும், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை' என்ற அளவுக்குத்தான் பொருள். நான் போட்ட 'திருப்திகரம்' தமிழில் மனம் நிறைந்தவர் சொல்கிற சொல். ஒரு படி மேலே ஏறிவிட்டது. எதிர்ப்பக்கம், 'கேர்லெஸ் மிஸ்டேக்' என்று ஆங்கில ஆசிரியர்கள் எழுதுவது பெரும்பாலும் பிழையின் வகை: தெரிந்த கணக்கில் கைதவறிப் போட்ட பிழை. அப்படிச் சொல்வது ஒருவிதத்தில் சலுகைகூட, ஏனென்றால் தெரியாமல் போட்டதல்ல என்கிறார்கள். தமிழில் 'கவனக்குறைவு' பிழையை விட்டுவிட்டுப் பிள்ளையின் குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. கவனம் இல்லாதவளைத் திருத்த வீட்டில் தெரிந்த வழி கண்டிப்புதான். ஒரே பத்தியில் ஒரு சொல் ஏறி, ஒரு சொல் இறங்கி, டீச்சர் வைத்த தட்டு தலைகீழாகிவிட்டது.

கவலை சொல்லப்பட்ட விதம் இன்னும் சிக்கலானது. 'எ லிட்டில் கன்சர்ன்ட்', 'யூ மே விஷ் டு கன்சிடர்' என்பவை டீச்சர் எழுதிய தொடர்கள். அனுபவப்பட்ட ஓர் ஆசிரியர் இப்படி எழுதினால், அழுத்தமாகச் சொல்கிறார் என்று ஆங்கிலம் பழகியவர் புரிந்துகொள்வார். மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்துகிறார், அவ்வளவுதான். அதை 'சற்றே கவலை', 'தாங்கள் பரிசீலிக்கலாம்' என்று எழுதியதும் மரியாதை போய், விருப்பம் மட்டும் மிஞ்சியது. பண்ணலாம் என்றால் பண்ணாமலும் இருக்கலாம். 'பரிசீலித்தல்' மனு கொடுத்த இடத்தில் கேட்கிற சொல்லும்கூட. மனுவைப் பரிசீலிப்பதாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

'கவலை' என்ற சொல்லையே நான் இப்போது இந்த அறிக்கைகளில் தவிர்க்கிறேன். ஆஸ்பத்திரிச் செய்தியில் 'கவலைக்கிடம்' என்று படித்துப் பழகிய வீட்டில் அது கனமாக விழுகிறது. டீச்சர் கவலைப்படுகிறார் என்று மட்டும் சொல்லி, எதைப் பற்றி, எதைப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால் அந்தக் கனத்தை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இடத்தில் இறக்கி வைப்பார்கள். இவர்கள் கணக்கின் மேல் இறக்கி வைத்தார்கள்.

'ஆனால்' பற்றியும் சொல்ல வேண்டும். "நல்ல மாணவி, ஆனால்" என்று எழுதினால் நல்லது அங்கேயே செத்துவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் கடைசியில் வருவதுதான் காதில் நிற்கும். பாராட்டை முதலில் வைத்து, 'ஆனால்' போட்டு, குறையைக் கடைசியில் வைத்தால் கேட்பவர் பாராட்டை முன்னுரையாகத்தான் எடுத்துக்கொள்கிறார். 'ஒழுக்கமும் கடின உழைப்பும்' என்பது எந்தப் பிள்ளைக்கும் எழுதுகிற வரி என்பது பெற்றோருக்குத் தெரியும்.

'ஆதரவு' என்பதில் அம்மாவுக்குக் குற்றச்சாட்டு கேட்டது நியாயமே. ஆங்கிலம் தெரியாத அம்மா ஆங்கிலப் பாடத்துக்கு வீட்டில் என்ன ஆதரவு தர முடியும்? அந்த வரியில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அதனால் பழி மட்டும் மிஞ்சியது.

டீச்சரிடம் கேட்டவை

மொழிபெயர்ப்பவர் எழுதியவரின் கருத்தை மென்மையாக்கவோ கூட்டவோ கூடாது. என் தொழிலில் அது முதல் பாடம். அதனால் நானாக எதையும் திருத்தவில்லை. டீச்சரிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தொடருக்கும் "இதை எந்தக் கணக்கைப் பார்த்து எழுதினீங்க?" என்று கேட்டேன்.

'ஸ்டேட்மென்ட் சம்மில் திணறுகிறாள்' என்பதற்கு அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். பத்துக் கணக்கு கொடுத்திருக்கிறார். அவளே படித்துப் போட்டபோது மூன்று சரி. அதே மாதிரியான பத்தை டீச்சர் ஆங்கிலத்தில் படித்துக் காட்டியபோது ஐந்து சரி. வேறு பத்தைத் தமிழில் வாயால் சொன்னபோது எட்டு சரி. இத்தனை தெளிவாகப் பார்த்து வைத்திருந்தும் அறிக்கையில் இதில் ஒன்றையும் அவர் எழுதவில்லை. "நோட்டுல இருக்கிறது எனக்காக எழுதினது, அறிக்கைன்னா ஒரு முறை இருக்கில்ல" என்றார்.

அந்த மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். மூன்று எட்டாகிறது என்றால் கணக்கு அவளுக்கு வருகிறது. ஆங்கிலத்தைப் படிப்பதில் இரண்டு மதிப்பெண் போகிறது, படித்துக் காட்டினாலும் ஆங்கிலச் சொல் புரியாததில் இன்னும் மூன்று போகிறது. டீச்சர் ஓர் உதாரணம் காட்டினார். பன்னிரண்டு மாம்பழத்தில் ஐந்தைக் கொடுத்துவிட்டால் 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்' என்று ஒரு கணக்கு. பெண் ஒன்றும் போடாமல், பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். 'லெஃப்ட்' என்றால் இடது கைப்பக்கம் என்றுதான் அவளுக்குத் தெரியும், மீதி என்றும் பொருள் உண்டு என்று தெரியாது. இதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது?

பின்னத்தில் 'கருத்துப் புரிதல் இல்லை' என்றது எதைப் பார்த்து என்று கேட்டேன். இரண்டு பிழை காட்டினார். 1/4 + 1/2 என்பதற்கு 2/6 என்று போட்டிருக்கிறாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டாள். இன்னொன்று, 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்றால் 1/8 என்கிறாள், எட்டு நாலை விடப் பெரியது என்பதால். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கீழே உள்ள எண்ணான பகுதி, எத்தனை பங்காகப் பிரித்தோம் என்பதைச் சொல்கிறது என்று மனதில் ஏறவில்லை. பின்னம் தொடங்கும் பல பிள்ளைகளும் செய்கிற பிழை இது, திருத்தக்கூடியது என்றும் டீச்சர் சொன்னார்.

வாசிப்பைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியது. சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துவிடுகிறாள், 'ஃப்ரம்' என்பதை 'ஃபார்ம்' என்றும் 'வாஸ்' என்பதை 'சா' என்றும் படிக்கிறாள், வரி விட்டு வரி தாவுகிறாள் என்றார். "இது மூணு மாசமா என் மனசுல இருக்கு. டிஸ்லெக்சியாவா இருக்குமோன்னு பயம். நான் டாக்டர் இல்லையே, அதனாலே எழுதலை" என்றார். 'எ லிட்டில் கன்சர்ன்ட்' என்பதற்கு அவர் மனதில் இருந்த அளவு இது.

அந்தச் சொல்லை எழுதாமல் விட்டது சரியே. தமிழில் அதற்கு நாம் எழுதுகிற 'கற்றல் குறைபாடு' சாதாரணச் சொல் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. அதை முறையாகச் சோதித்துச் சான்று தருபவர்கள் வேறு. டியூஷன் அறிக்கையின் தமிழில் அந்தச் சொல் வந்தால், ஊகமாகச் சொன்னது வீட்டில் முடிவாகிவிடும்.

அப்போதுதான் நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். கடிதத்தை அவளே தடங்கல் இல்லாமல் படித்தாள், தாத்தாவுக்குத் தினமும் பேப்பர் படிக்கிறாள் என்று. டீச்சர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு, கையில் இருந்த தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அவள் பார்க்காத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்ல, நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எழுத்து மாறவில்லை, வரி தாவவில்லை, வேகமும் வயதுக்குக் குறைவில்லை. படித்ததைத் திருப்பிக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள்.

தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ஒலி மாறும். அதனால் தமிழ் நன்றாகப் படிக்கிறாள் என்பதை மட்டும் வைத்து வாசிப்புச் சிக்கலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டீச்சரும் அதைச் சொன்னார். ஆனால் எந்தச் சாத்தியம் முன்னே நிற்கிறது என்பது மாறிவிட்டது. ஆங்கில எழுத்தொலியை யாரும் அவளுக்கு அடியிலிருந்து சொல்லித்தரவில்லை, பார்த்த சொல்லை உருவமாக மனப்பாடம் செய்து ஓட்டியிருக்கிறாள் என்பதுதான் இப்போது பொருந்தியது. டீச்சர் தன் ஆங்கில அறிக்கையையே எடுத்துத் திருத்தினார். கண் பரிசோதனை உடனே. எழுத்தொலிப் பயிற்சி மூன்று மாதம். அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால் நிபுணர். இந்தத் திருத்தத்தை அவர் செய்தார் என்பது முக்கியம், நான் செய்திருந்தால் அது மொழிபெயர்ப்பு ஆகாது.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அவரிடமே கேட்டு வாங்கினேன். தினமும் பத்து நிமிடம் அவள் ஆங்கிலத்தை உரக்கப் படிக்க வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. விரலை வரியின் மேல் வைத்துப் படிக்கிறாளா என்று பார்த்து, கடைசியில் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கடிதம்

'முன்னேற்ற அறிக்கை' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, டீச்சர் பெற்றோருக்கு எழுதும் கடிதமாக எழுதினேன். 'காணப்படுகிறது', 'செயல்பாடு' போன்ற ஆபீஸ் சொற்கள் போயின. வரிசையை மாற்ற டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். எப்படியும் அந்தப் பெண் இதைப் படிப்பாள் என்பதால், அவள் காதில் விழக்கூடாத வரி எதுவும் இருக்கக்கூடாது என்றும், அதற்காக உண்மை எதுவும் மறையக்கூடாது என்றும் வைத்துக்கொண்டேன்.

"அன்புள்ள பெற்றோருக்கு,

உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வருகிறது. தமிழில் சொன்ன பத்துக் கணக்கில் எட்டைச் சரியாகப் போட்டாள். அதே போன்ற பத்தை ஆங்கிலத்தில் அவளே படித்துப் போட்டபோது மூன்றுதான் சரியாக வந்தது. ஆகவே அவளுக்குக் கணக்கு டியூஷன் இன்னொன்று வேண்டாம். ஆங்கிலம் படிப்பதில்தான் இப்போது உதவி வேண்டும், இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வகுப்புகளில் அறிவியலும் சமூக அறிவியலும் இதைவிட நீளமான ஆங்கிலத்தில் இருக்கும்.

ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துப் படிக்கிறாள். தமிழில் அப்படிச் செய்வதில்லை, நன்றாகப் படிக்கிறாள். எனவே ஆங்கில எழுத்துகளின் ஒலியை நான் முதலில் இருந்து சொல்லித்தரப் போகிறேன். இதற்கு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் இந்த மாதத்திலேயே ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வரி விட்டு வரி தாவுவதால் கேட்கிறேன். மூன்று மாதம் கழித்தும் மாற்றம் தெரியாவிட்டால், வாசிப்பைச் சோதித்துப் பார்ப்பவர் ஒருவரிடம் அழைத்துப் போக வேண்டியிருக்கும். அதை அப்போது உங்களிடம் நேரில் சொல்கிறேன்.

பின்னத்தில் ஒரு விஷயம் பிடிபடவில்லை. காலைவிட அரைக்கால் பெரியது என்று நினைக்கிறாள், நாலைவிட எட்டு பெரியது என்பதால். இது விளங்கிவிட்டால் அவள் செய்யும் பின்னத் தவறுகளில் பெரும்பகுதி போய்விடும். கூட்டல் கழித்தல் பரவாயில்லை, இன்னும் வேகம் வர வேண்டும்.

தினமும் பத்து நிமிடம் அவள் ஆங்கிலப் புத்தகத்தை உரக்கப் படிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். விரல் வரியின் மேல் இருக்கட்டும். முடிந்ததும் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தவறாகப் படித்தால் நிறுத்த வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

'திருப்திகரம்' இருந்த இடத்தில் 'பரவாயில்லை' வந்திருப்பதைப் பாருங்கள். எழுத்துத் தமிழுக்குக் கொஞ்சம் தாழ்ந்த சொல் என்று சிலர் நினைக்கலாம். டீச்சர் சொன்ன அளவுக்குச் சரியாக நிற்கிற சொல் அதுதான். 'ஆனால்' ஒன்றுகூட இல்லை. எட்டும் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஊக்கமும் எச்சரிக்கையும் அந்த இரண்டு எண்ணிலிருந்தே வருகின்றன. ஒன்றை நம்பினால் மற்றதையும் நம்பித்தான் ஆக வேண்டும். 'அரைக்கால்' டீச்சர் எழுதிய சொல் அல்ல, அவர் எட்டில் ஒன்று என்றுதான் எழுதினார். தராசு வைத்து வெள்ளி நிறுக்கிற வீடு என்பதால் நான் போட்டேன், போட்டதை டீச்சரிடம் சொன்னேன். கண் டாக்டர் வரியில் நான் 'காட்டிவிடுங்கள்' என்று எழுதியிருந்ததை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, இது கட்டளை மாதிரி இல்லையா என்று தயங்கினார். பெரியவர் ஒருவர் அக்கறையாகச் சொல்லும்போது தமிழில் அப்படித்தான் வரும், மரியாதைக் குறைவு இல்லை என்றேன். ஒப்புக்கொண்டார்.

கொடுக்கும்போது நானும் போனேன். இம்முறை அம்மாவைப் படிக்கச் சொல்லி, முன்போலவே திருப்பிச் சொல்லச் சொன்னேன். "கணக்கு வருதாம்ங்க. இங்கிலீஷ் படிக்கறதுதான் சிரமமாம், அது இப்பவே பாக்கணுமாம். கண்ணைக் காட்டணும். தினமும் பத்து நிமிஷம் நான் உக்காரணும்." டீச்சர் நினைத்த வரிசையிலேயே வந்தது. நிபுணர் பற்றிய வரியை அவர் சொல்லவில்லை. கேட்டதும், "மூணு மாசம் கழிச்சுச் சொல்றேன்னு போட்டிருக்காங்களே" என்றார். அந்த வரி போக வேண்டிய அளவுக்குத்தான் போயிருந்தது.

அப்பா அரைக்கால் வரியில் நின்றுவிட்டார். "காலை விட அரைக்கால் எப்படி சாமி பெருசாகும்?" என்று பெண்ணைக் கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். தாத்தா உள்ளே போய் ஒரு துண்டு வெள்ளிக் கம்பியை எடுத்து வந்து, அதை நாலாக மடித்துக் காட்டினார், பிறகு எட்டாக மடித்துக் காட்டினார். ஒரு மடிப்பின் நீளத்தை அவளே விரலால் அளந்து பார்த்தாள்.

கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்குக்கு இன்னொரு டியூஷன் வைக்கவில்லை. பத்து நிமிடம் எல்லா நாளும் நடக்கவில்லை, முகூர்த்த மாதத்தில் கொலுசு வேலை அதிகமானால் அம்மாவுக்கு நேரம் இருக்காது. டீச்சருக்கு அது தெரியும்.

அடுத்த மூன்று மாதத்து அறிக்கை போன வாரம் வந்தது. தானே திருத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள் என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. 'சுயதிருத்தம்' என்று எழுதக் கை போனது, நிறுத்திவிட்டு டீச்சருக்குப் போன் செய்து எந்தச் சொல்லில் என்று கேட்டேன். சொன்னார். ஸ்டேட்மென்ட் சம்மில் மீண்டும் பத்து கொடுத்ததில் அவளே படித்துப் போட்டது ஆறு சரி என்றும் சொன்னார். கடிதத்தின் முதல் வரியை இப்படி எழுதினேன்: "செவ்வாய்க்கிழமை 'ஃபார்ம்' என்று படித்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானே நிறுத்தி, திரும்பிப் போய் 'ஃப்ரம்' என்று படித்தாள்."